இருட்டில் விளக்கில்லாமல் வருகிறவர்களைக் கண்டு ஓட்டுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமச் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் பக்கமோ, காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு பக்கமோ இரவு எட்டு மணிக்கு மேல் கார் ஓட்டுகிறவருக்குச் சாலை நன்றாகவே தெரியும். ஓரத்து வெள்ளைக்கோடு பளிச்சென்று இருக்கும். வெள்ளையடித்த புளியமரங்கள் தொலைவிலேயே வரிசை காட்டும். மைல்கல் தெரியும், பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரியும். கறுப்புச் சட்டையும் பழுப்பு லுங்கியுமாக ஓரத்தில் நடந்துபோகிற ஆள் மட்டும் தெரியமாட்டார்.

ஆபத்தின் வேர் இதில்தான் இருக்கிறது. வண்டியைக் கோட்டுக்குள் வைத்து ஓட்ட ஒருவகைப் பார்வை போதும். எதிரில் இருப்பது ஆளா, மாடா, நிழலா என்று அடையாளம் காண வேறுவகைப் பார்வை வேண்டும். முதலாவது இருட்டிலும் ஏறக்குறைய பகல்போலவே வேலை செய்கிறது, இரண்டாவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அமெரிக்கப் பார்வை ஆய்வாளர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர். ஸ்டியரிங் பிடிப்பதில் எந்தச் சிரமமும் இல்லாததால், தன் பார்வை குறைந்திருப்பதே ஓட்டுநருக்கு உறைப்பதில்லை. பகல் வேகத்திலேயே போகிறார்.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: வெள்ளைக்கோட்டை விட்டுவிடுங்கள், வெளிச்சத்தைத் திருப்பித் தராத கறுத்த பொருள் உங்கள் விளக்கில் எத்தனை மீட்டரில் தெரிகிறது? அந்தத் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகமே உங்கள் வேகம். இருவழிச் சாலை, தெருவிளக்கு இல்லை, ஓட்டுவது கார் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் விளக்கையும் கண்ணாடியையும் சரிசெய்யுங்கள்

டிம் விளக்கின் ஒளிக்கு மேல்விளிம்பு ஒன்று உண்டு. எதிரே வருகிறவரின் கண் கூசாமல் இருக்க, அந்த விளிம்பு சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். பொதுவான அமைப்பு ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம். இதைச் சரிபார்க்கச் சமதரையும் ஒரு சுவரும் போதும். சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவையுங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். டிம் போட்டால் ஒளியின் விளிம்பு அந்தக் குறிக்கு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். இருபது, முப்பது சென்டிமீட்டர் கீழே விழுந்தால் உங்களுக்குப் பார்வைத் தூரம் பறிபோகிறது; மேலே விழுந்தால் எதிரே வருகிறவருக்குப் பறிபோகிறது.

பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் இரண்டு மாங்காய்க் கூடைகளும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட திருகு பல கார்களில் இருக்கிறது. பாரத்துக்குத் தக்கபடி விளக்கை இறக்குவதற்கே அது. பாரம் இறங்கியதும் மறக்காமல் 0-க்குத் திருப்புங்கள். 3-இல் விட்டுவிட்டு வெற்று வண்டி ஓட்டுகிறவர், மூக்குக்கு முன்னால் உள்ள தரையை மட்டுமே பார்த்துக்கொண்டு போகிறார்.

முன்கண்ணாடியின் உட்புறத்தைப் பலர் துடைப்பதே இல்லை. அங்கே படிகிற மெல்லிய படலம் பகலில் தெரியாது. இரவில் எதிர்விளக்கு பட்டவுடன் கண்ணாடி முழுவதும் பால்போல வெளுக்கும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடுங்கள். ஹாலஜன் விளக்குக்காகச் செய்த கூட்டில் கடையில் வாங்கிய வெள்ளை எல்இடி பல்பை மாட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பக்கத்துத் தரை பளீரென்று இருப்பதால் நிறைய வெளிச்சம் கிடைத்ததுபோல் தோன்றும். ஆனால் கண் அந்தப் பளபளப்புக்குப் பழகி, தூரத்து மங்கலை இழந்துவிடும்.

டிம் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், 20 மீட்டரில் ஒளியின் விளிம்பு 45 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது முழங்கால் அளவில் இருக்கும். 40 மீட்டரில் 25 சென்டிமீட்டர், கணுக்காலுக்குச் சற்று மேலே. 65 மீட்டரில் விளிம்பு தரையையே தொட்டுவிடும். ஆக, டிம் வெளிச்சத்தில் நாற்பது மீட்டர் தொலைவில் நிற்கிற மனிதனின் பாதமும் கணுக்காலும்தான் நன்றாக வெளிச்சம் பெறுகின்றன. இடுப்புக்கு மேல் சிதறிய ஒளி மட்டுமே விழுகிறது. கறுப்புச் சட்டைக்கு அது போதாது.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஒளியின் விளிம்பு இடப்பக்கம் மேலேறியும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். இடது ஓரத்தில் நடப்பவர் கொஞ்சம் முன்னதாகத் தெரிவார். வலப்பக்கத்திலிருந்து சாலையைக் கடக்கிறவர் மிகத் தாமதமாகத்தான் தெரிவார்.

இருட்டில் ஆளை எங்கே தேடவேண்டும் என்பதற்கும் இதுவே விடை. முகத்தையும் தோளையும் தேடாதீர்கள். தரையோடு ஒட்டிய உயரத்தில் தேடுங்கள். செருப்பின் அடிப்பாகம், லுங்கிக்குக் கீழே மாறிமாறி வருகிற இரண்டு குதிகால்கள், சைக்கிள் பெடலின் ஏறி இறங்கும் அசைவு ஆகியவைதான் முதலில் தெரியும். அசைகிற கால்களை மூளை நொடியில் ‘ஆள்’ என்று இனம் காண்கிறது. அசையாமல் நிற்கிறவரை மரக்கட்டையாகவே எண்ணிவிடுகிறது. நடப்பவர்கள் ஒளிரும் பட்டையை மார்பில் கட்டுவதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால் ஓட்டுநர் வெகுமுன்னதாகக் கண்டுகொள்வதற்குக் காரணமும் இந்த அசைவே.

உங்கள் தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

போக்குவரத்து இல்லாத மண்பாதையிலோ அறுவடை முடிந்த காட்டோரத்திலோ ஓர் இருட்டு இரவில் இதைச் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். கறுத்த உடை அணிந்த நண்பர் ஒருவர் விளக்குக்கு முன்னால் நடந்து விலகிப் போகட்டும். அவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிற இடத்தில் ஒரு கல்லை வைக்கச் சொல்லி, திரும்பி வரும்போது காலடியை எண்ணச் சொல்லுங்கள். இடது ஓரத்தில் ஒருமுறை, வலது ஓரத்தில் ஒருமுறை, வெள்ளை வேட்டியோடு ஒருமுறை. மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவர் பிறகு அதை மறக்கமாட்டார்.

ஆனால் கிடைத்த எண்ணை அப்படியே நம்பிவிடக்கூடாது. அந்தச் சோதனையில் ஆள் இருக்கிறார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். 1938-இல் ரோப்பர், ஹோவர்ட் என்ற இருவர் இதை அளந்து பார்த்தார்கள்: எதிர்பார்த்திருக்கும் ஓட்டுநர் கண்டுகொள்கிற தூரத்தில் ஏறத்தாழப் பாதியில்தான், எதிர்பாராத ஓட்டுநர் அதே பொருளைக் கண்டுகொண்டார். உங்கள் சோதனையில் 60 மீட்டர் வந்தால் சாலையில் 30 என்றே கணக்கு வையுங்கள். டிம் வெளிச்சத்தில் கறுத்த உடைக்கு 30 மீட்டர் என்பது நியாயமான மதிப்பு. பலருக்கு அதைவிடக் குறையும்.

இப்போது நிற்கும் தூரத்தைப் பாருங்கள். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, பிரேக்கை மிதிக்க இரவில் இரண்டு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், முழு பிரேக் என்றால் 40 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் சுமார் 32 மீட்டரில் நிற்கலாம். 60-இல் 56 மீட்டர். 80-இல் 85 மீட்டர். முப்பது மீட்டர் பார்வைக்கு நாற்பதுக்கும் சற்றுக் குறைவான வேகமே பொருந்துகிறது. டிம் விளக்கில் அறுபதில் போகிறவர், தான் பார்க்கும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில்தான் நிற்கமுடியும்.

இரவு முழுவதும் நாற்பதில் ஓட்டவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. எதிரே யாரும் இல்லாதபோது பிரைட் போடுங்கள். பிரைட்டைப் பயன்படுத்தத் தயங்குவது மரியாதை என்று எண்ணி, வெறிச்சோடிய சாலையிலும் டிம்மிலேயே போகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். பிரைட்டில் கறுத்த ஆள் அறுபது, எழுபது மீட்டரில் தெரிய வாய்ப்புண்டு. அங்கே அறுபது கிலோமீட்டர் வேகம் பொருந்தும். டிம் செய்கிற ஒவ்வொரு முறையும் வேகமும் கூடவே இறங்கவேண்டும். கை டிம்முக்குப் போகும்போதே கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழவேண்டும். இரண்டையும் ஒரே அசைவாகப் பழகிக்கொள்ளுங்கள்.

நான்கு நொடிச் சோதனை

ஓடும் வண்டியில் மீட்டர் கணக்கு உதவாது. அதற்குப் பதிலாக நொடியை எண்ணுங்கள். சாலையில் வண்ணம் பூசாத, கறுத்த ஒரு பொருளைக் குறிவையுங்கள்: ஒரு கல், கழன்று கிடக்கும் டயர்த் துண்டு, சாணி, பள்ளத்தின் விளிம்பு. அது முதன்முதலாகக் கண்ணில் பட்ட கணத்திலிருந்து உங்கள் முன்சக்கரம் அதை எட்டும்வரை, ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். நான்கு எண்ணும் முன்பே எட்டிவிட்டால் வேகம் அதிகம். மேலே சொன்ன நிற்கும் தூரங்களை நொடியாக மாற்றினால் 40-இல் மூன்றும், 80-இல் நான்கும் வரும். ஆகவே நான்கு என்பது எல்லா வேகத்துக்கும் பொதுவாகப் போதும். மழை பெய்த சாலையிலோ, முழுப் பாரத்தோடோ ஆறு வரை எண்ணவேண்டும்.

வெள்ளைக்கோட்டையோ, வெள்ளையடித்த மரத்தையோ, பிரதிபலிக்கும் பலகையையோ இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அவை எட்டு, பத்து நொடி முன்னதாகவே தெரிந்து உங்களுக்குப் பொய்யான தைரியம் கொடுக்கும்.

எதிர்விளக்கு வரும்போது: ஒரு நிகழ்வைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கரும்பு அரவைப் பருவம். காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு நோக்கிக் கார் அறுபதில் போகிறது. முந்நூறு மீட்டர் தொலைவில் ஒரு லாரி எதிரே வருகிறது. இருவரும் டிம் செய்கிறார்கள். லாரி ஐம்பதில் வந்தால் இருவரும் சந்திக்கச் சுமார் பத்து நொடி. அதற்குள் கார் கடக்கப்போவது 165 மீட்டர். அந்த 165 மீட்டருக்குள், இடது தடத்தில், விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இல்லாத ஒரு டயர் மாட்டு வண்டி கரும்புப் பாரத்தோடு மணிக்கு நான்கு கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது. எதிரே வரும் மாடு என்றால் கண் பச்சையாக மின்னிக் காட்டிக்கொடுக்கும். இந்த மாடுகள் நமக்கு முதுகு காட்டிப் போகின்றன. நம்மை நோக்கி இருப்பது கரும்பின் வெட்டுமுனைகள் மட்டும்.

லாரியின் வெளிச்சத்தில் கண் கூச, வண்டி தெரிவது முப்பது மீட்டரில். அறுபதில் இரண்டு நொடிக்குக் கார் 33 மீட்டர் போகும். வண்டி அதற்குள் நகர்ந்தது இரண்டு மீட்டர்தான். பிரேக்கில் கால் படுகிற நேரத்தில் காரின் மூக்கு கரும்பை எட்டிவிட்டது. மோதுவது முழு அறுபதில். வலப்பக்கம் ஒடிக்கலாம் என்றால் அங்கே லாரி. இடப்பக்கம் தார் முடிந்து மண் இறங்குகிற பள்ளம்.

அதே கார் டிம் செய்தபோதே நாற்பதுக்கு இறங்கியிருந்தால், இரண்டு நொடிக்கு 22 மீட்டர், பிரேக்கில் 10 மீட்டர், மொத்தம் 32. வண்டி இதற்குள் நான்கு மீட்டர் நகர்ந்திருக்கும். கார் வண்டிக்குப் பின்னால் இரண்டு மீட்டர் இடைவெளியில் நிற்கும். இருபது கிலோமீட்டர் வேகக் குறைப்பு முழு மோதலை மோதலே இல்லாததாக மாற்றுகிறது. லாரி கடந்துபோக ஆன பத்து நொடியில் இழந்த நேரம் சில நொடிகள்.

இந்தச் சந்திப்பை இப்படிக் கையாளுங்கள். எதிர்விளக்கு உறுத்தத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். கண் கூசிய பிறகு குறைப்பது காலம் கடந்தது. பார்வையை விளக்கிலிருந்து எடுத்து இடது ஓரக்கோட்டில் வையுங்கள். அந்தக் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். எங்காவது ஒரு கணம் அறுந்து, மறுபடி தொடர்ந்தால் இடையில் ஏதோ நிற்கிறது என்று பொருள். உடனே பிரேக். லாரியின் வெளிச்சம் அந்தப் பக்கத்துத் தார்ப்பரப்பை வெளுப்பாக்கும். அந்த வெளுப்பின் முன் கரிய வடிவம் ஒன்று திரண்டு நின்றால் அதுதான் உங்கள் வண்டி, அதுதான் உங்கள் சைக்கிள்காரர். வெளிச்சம் படாத பொருளை நிழலுருவாகப் பிடிக்கிற இந்தப் பழக்கம், விளக்கைவிடக்கூடத் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும். தூரத்து டீக்கடை பல்பு ஒன்று சட்டென மறைந்து மறுபடி தெரிந்தாலும் அப்படியே.

லாரி கடந்ததும் வேகம் எடுக்காதீர்கள். கண் பழைய நிலைக்கு வரச் சில நொடி ஆகும். வயது ஏற ஏற அது நீளும். அறுபதில் ஐந்து நொடி என்றால் 83 மீட்டர் குருட்டு ஓட்டம். லாரி போகட்டும் என்று வலது ஓரத்தில் காத்திருந்தவர், அதன் பின்புறம் கடந்தவுடன் சாலையில் இறங்குவதும் இந்த நொடிகளில்தான். உங்கள் விளக்கு குறைவாகப் பாய்கிற அதே பக்கத்திலிருந்து அவர் வருகிறார்.

யார், எங்கே, எந்த நேரம்

எதிர்பார்ப்பு பார்வைத் தூரத்தை இரட்டிப்பாக்குகிறது என்றால், எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்திருப்பதும் ஒரு விளக்குதான். இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் கடை மூடியதும் அடுத்த அரைமணி நேரத்துக்கு, அதன் இருபுறமும் தள்ளாடி நடப்பவர்கள் இருப்பார்கள்; அவர்கள் ஓரத்திலேயே போவார்கள் என்று நம்பமுடியாது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போகும் சைக்கிள்கள். தலையிலிருந்து கறுத்த கம்பளி போர்த்திய ஆளைவிட, பின்னால் தொங்கும் பால் கேன் முன்னதாக மின்னும். கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டியோடு கூட்டமாக நடக்கும் ஐயப்ப பக்தர்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்காலத்தில் தெருக்கூத்து முடிந்து விடியலுக்கு முன் வீடு திரும்பும் குடும்பங்கள், தூக்கக் கலக்கத்தில், சாலையின் பாதியை அடைத்தபடி.

இடங்களில் சிறுபாலத்தைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். ஓரமாகப் போன சைக்கிள்காரர் கைப்பிடிச் சுவர் வந்ததும் வேறு வழியின்றித் தார்ச்சாலைக்கு ஏறுவார். சுவர் மட்டும் வெள்ளையடித்து மின்னிக்கொண்டிருக்கும், அவர் மின்னமாட்டார். முன்னால் போகிற பஸ் காரணமில்லாமல் சற்று வலப்பக்கம் ஒதுங்கினாலோ, பிரேக் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தாலோ, அந்த ஓட்டுநர் எதையோ பார்த்திருக்கிறார். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்பதற்காக அங்கே யாரும் இல்லை என்று ஆகாது.

ஓரத்தில் நடப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார், விலகிவிடுவார் என்ற கணக்கும் தவறு. அவருக்கு உங்கள் விளக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே தெரிகிறது. “இவ்வளவு வெளிச்சம் என் மேல் விழுகிறதே தம்பி, உங்களுக்கு என்னைத் தெரியாமலா போகும்?” என்று பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாருமே தாங்கள் தெரிவதாகத்தான் நினைக்கிறார்கள். அதனாலேயே விலகுவதில்லை.

கண்ட பிறகு

முதலில் பிரேக், பிறகுதான் ஹாரன். பின்னாலிருந்து திடீரென்று அலறும் ஹாரனுக்குச் சைக்கிள்காரர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கும்போது கைப்பிடி வலப்பக்கம் இழுக்கும். எதிரே நடந்துவருபவர் என்றால் டிம் செய்யுங்கள், இல்லையேல் கண் கூசி அவர் எந்தப் பக்கம் அடி வைக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. கடக்கும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். எதிரே வண்டி வந்தால் இடைவெளி கிடைக்காது. அப்போது அவருக்குப் பின்னாலேயே அவர் வேகத்தில் போய், எதிர்வண்டி கடந்த பிறகு தாண்டுங்கள். மாட்டு வண்டிக்கும் கரும்பு டிரெய்லருக்கும் இன்னும் அதிகம் விடுங்கள், ஏனென்றால் கரும்பு பக்கவாட்டில் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டல் விளக்கில் கடைசியாகத்தான் தெரியும்.

நீங்கள் நாற்பதுக்கு இறங்கியது பின்னால் வருகிறவருக்கு ஏன் என்று புரியாது. பிரேக்கை லேசாக இரண்டுமுறை தட்டி விளக்கைக் காட்டுங்கள். வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகவேண்டியிருந்தால் அபாய விளக்கைப் போட்டு, பின்னால் வருகிறவர்களின் கண்ணுக்கு அந்த வண்டியின் பின்விளக்காக நீங்களே இருங்கள். தாண்டத் தொடங்கும் முன் அதை அணைத்துவிட்டு வலது இண்டிகேட்டர் போடுங்கள்.